போட்டோவில் இருந்த வரைபடத்திலிருந்து கிரிட்டிகல் பாத் கண்டுபிடித்தது

போட்டோவில் இருந்த திட்ட வரைபடத்தைப் பார்த்தபடியே நாட்களைக் கூட்டத் தொடங்காமல், ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதற்கு முன் முடிய வேண்டியவற்றை முதலில் எழுதிக்கொண்டேன். A 3 நாள், அது முடிந்தபின் B 4, C 6. B-க்குப் பின் D 5, C-க்குப் பின் E 2, கடைசியில் F 1. இப்படிப் பார்த்தால் மிக நீளமான பாதை, அதாவது எல்லாம் முடியும் நாளைத் தீர்மானிக்கும் கிரிட்டிகல் பாத், A-B-D-F, மொத்தம் 13 நாள்.

ஆனால் D பெட்டியின் ஓரத்தில், வெளிச்சம் பட்டு வெளிறிய இடத்தில், இன்னொரு அம்புமுனை தெரிந்தது. கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்த்தேன், அது C-யிலிருந்து வருகிறது. அப்படியென்றால் B 7-ஆம் நாளே முடிந்தாலும், C முடியும் 9-ஆம் நாள் வரை D காத்திருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் பல அம்புகள் சேரும் இடத்தில் தாமதமாக முடிவதுதான் கணக்கு. சரி, D 14-இல் முடியும், F 15-இல். பாதை A-C-D-F.

அப்புறம் பின்னாலிருந்து கழித்து, முடியும் நாள் தள்ளிப்போகாமல் ஒவ்வொரு வேலையும் எத்தனை நாள் தாமதமாகலாம் என்றும் சரிபார்த்தேன்: B-க்கு 2 நாள், E-க்கு 3 நாள் தளர்வு, பாதையில் உள்ள நான்குக்கும் பூஜ்யம்.