கோட்டும் கோடும்: கடன்சொற்களின் ஒலிமாற்றத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் மேலங்கியைக் குறிக்கும் சொல்லுக்கும் குறியீட்டைக் குறிக்கும் சொல்லுக்கும் கடைசி ஒலியில் மட்டுமே பெரிய வேறுபாடு. முதற்சொல்லின் இறுதியில் குரல்நாண் அதிராத வெடிப்பொலி வருகிறது. இரண்டாவதில் அதே இடத்தில் அதிர்வுள்ள வெடிப்பொலி வருகிறது. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'கோட்' என்றுதான் எழுத முடியும். ஆனால் பேச்சில் முதலாவதை யாரும் 'கோடு' என்பதில்லை, இரண்டாவதை யாரும் 'கோட்டு' என்பதில்லை. அங்கி 'கோட்டு' ஆகிறது. குறியீடு 'கோடு' ஆகிறது. எழுத்து மறைத்துவிட்ட வேறுபாட்டைப் பேச்சு வேறொரு வழியில் காப்பாற்றிக்கொள்கிறது. கடன்சொற்களின் ஒலிமாற்றத்தைப் பற்றி எழுதுவோர் வழக்கமாகச் செய்யும் தவறுகள் பலவற்றையும் இந்த ஓர் இணையை வைத்தே காட்டிவிடலாம்.

முதல் தவறு, பட்டியல் போடுவது. 'இந்த அயல் ஒலிக்கு இந்தத் தமிழ் ஒலி' என்று இரண்டு பத்திகளில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். பட்டியலில் டகரத்துக்கு நேரே ஒரு விடை வர வேண்டிய இடத்தில் ஒற்றை, இரட்டை, மெல்லினத்துக்குப் பின் வருவது என மூன்று விடைகள் வந்து நின்றபோதுதான் அது நடக்காத வேலை என்று புரிந்தது. காரணம் எளியது. தமிழில் உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் வல்லினம் பொதுவாக அதிர்வுடன் ஒலிக்கும். இரட்டித்து வரும் வல்லினம் அதிர்வின்றி ஒலிக்கும். 'பாடு', 'பாட்டு' என்று சொல்லிப் பார்த்தால் வேறுபாடு காதில் விழும். மேலும், பேச்சுத்தமிழில் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. இறுதியில் ஒரு குற்றியலுகரம் சேர்ந்துவிடும். அந்த உகரம் சேர்ந்த கணமே, இறுதியில் இருந்த மெய் இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. அங்கே அதைத் தனித்து விட்டால் அதிர்வு வந்துவிடும். அங்கிக்கும் குறியீட்டுக்கும் வேறுபாடு இல்லாமற் போகும். ஆகவே அதிர்வற்ற மூல ஒலி இரட்டிக்கிறது, அதிர்வுள்ள மூல ஒலி ஒற்றையாக நிற்கிறது. நோட்டு, கேக்கு, டேப்பு, ரேட்டு ஆகியவை ஒரு பக்கம். ரோடு, லோடு, கிரேடு ஆகியவை மறுபக்கம். இங்கே ஓர் ஒலிக்குப் பதில் வேறோர் ஒலி வரவில்லை. மூலமொழியில் அதிர்வால் காட்டப்பட்ட வேறுபாட்டைத் தமிழ் நீளத்தால் காட்டுகிறது. ஒலியை ஒலியோடு மட்டும் பொருத்தும் பட்டியலில் இது அகப்படாது.

இதையொட்டி வரும் அடுத்த தவறு, இரட்டிப்பை ஆங்கில எழுத்துக்கூட்டலின் கணக்கில் எழுதுவது. 'பாட்டில்', 'பட்டன்' என்பவற்றைக் காட்டி, மூலத்தில் இரண்டு எழுத்துகள் இருப்பதால் தமிழிலும் இரண்டு வந்தன என்று சொல்வோர் உண்டு. அப்படியானால் பேப்பர், மீட்டர், சூப்பர் ஆகியவற்றில் இரட்டிப்பு எங்கிருந்து வந்தது? மூலத்தில் அங்கே ஓர் எழுத்துதான் இருக்கிறது. 'டாலர்' என்பதன் மூலத்தில் லகரத்துக்குரிய எழுத்து இரண்டு முறை வருகிறது. தமிழில் ஒற்றை லகரமே நிற்கிறது. சோடா, ரேடியோ, மாடல் ஆகியவற்றில் மூல ஒலி அதிர்வுள்ளது. எனவே இரட்டிப்பும் இல்லை. எழுத்துக்கூட்டலுக்குச் செல்வாக்கே கிடையாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. 'டாக்டர்' என்பதன் ஈற்றில் நாம் ஒலிக்கும் ரகரம் தென் இங்கிலாந்தின் பேச்சில் ஒலிப்பதில்லை. புத்தகத்தைப் பார்த்துக் கற்றவர்களின் வாய்வழியே அது வந்து சேர்ந்தது. எது காதுவழி வந்தது, எது கண்வழி வந்தது என்று சொல்தோறும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

இரட்டிப்புக்கு ஒரே காரணம்தான் என்று கொள்வதும் பிழையே. பென்னு, பில்லு, பின்னு ஆகிய சொற்களிலும் மெய் இரட்டித்திருக்கிறது. ஆனால் னகரத்துக்கும் லகரத்துக்கும் அதிர்வற்ற வடிவம் என்று ஒன்று தமிழில் இல்லை; காப்பாற்ற வேண்டிய வேறுபாடும் இல்லை. இங்கே நடப்பது 'கல்' என்பது பேச்சில் 'கல்லு' ஆவதும், 'மண்' என்பது 'மண்ணு' ஆவதும்தான்: தனிக்குறிலை அடுத்து ஈற்றில் நிற்கும் மெய், உகரம் சேரும்போது இரட்டிக்கும். நெடிலுக்குப் பின் இது நடப்பதில்லை. 'கால்' என்பது 'காலு' என்றே நிற்கும், அதேபோல் 'ஃபேன்' என்பதும் 'ஃபேனு' என்றே நிற்கும். ஆனால் 'நோட்டு', 'கேக்கு' ஆகியவற்றில் நெடிலுக்குப் பின்னும் இரட்டிப்பு வருகிறது. ஆக, வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் நிகழ்வு உள்ளே இரண்டு. நெடிலை வைத்துச் சோதித்தால் அவை பிரிந்துவிடும்.

'அந்த ஒலி நம் மொழியில் இல்லை, அதனால் பக்கத்தில் உள்ளதைப் போட்டோம்' என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். அது பாதி உண்மை. பக்கம் என்பதை யார் அளப்பது என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. துவாலை, டவல் என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது போர்த்துகீசியத்திலிருந்து வந்தது, பின்னது ஆங்கிலத்திலிருந்து வந்தது. பொருளும் ஒன்றே, இரண்டும் தொலைவில் உறவுள்ள சொற்களே. போர்த்துகீசியர் முதல் ஒலியை நாநுனி பல்லைத் தொடும்படி ஒலிப்பார்கள். அது தகரமாகக் கேட்டது. ஆங்கிலேயர் நாநுனியைப் பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் வைப்பார்கள். அந்த இடம் தகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. வாயின் அமைப்பை மட்டும் பார்த்தால் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். தமிழ்க் காது அதை டகரத்தின் பக்கம் தள்ளியது. எனவே எழுத்தைப் பார்த்து ஒலியைத் தீர்மானிப்பவர், ஐரோப்பிய மொழிகளில் ஒரே எழுத்தால் குறிக்கப்படும் ஒலி இங்கே தகரமாகவும் அங்கே டகரமாகவும் ஏன் வந்தது என்று குழம்புவார். கொடுத்த மொழியின் உச்சரிப்பைப் பார்ப்பவருக்குக் குழப்பமில்லை.

கடன் வாங்கும் பக்கத்திலும் இதே கவனம் வேண்டும். ஈழத்தமிழர் 'மீட்டர்' என்பதை 'மீற்றர்' என்றே எழுதுகிறார்கள். அதை வெறும் எழுத்து வழக்கு என்று ஒதுக்கிவிடுவது தவறு. யாழ்ப்பாணப் பேச்சில் 'ற்ற' என்பது இன்றும் நாநுனி பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் பட்டு வெடிக்கும் ஒலி; ஆங்கில ஒலி பிறக்கும் அதே இடம். தமிழகத்துப் பேச்சு வழக்குகள் பலவற்றில் அந்த வெடிப்பொலி மறைந்துவிட்டது: 'காற்று' என்பது 'காத்து' ஆயிற்று. ஒலி கையில் இருந்தவர்கள் அதையே கொடுத்தார்கள். இல்லாதவர்கள் டகரத்துக்குப் போனார்கள். மலையாளத்திலும் மீற்றர்தான். 'தமிழில் இப்படி மாறும்' என்று பொதுவாக எழுதுவதைவிட எந்த வட்டாரத்துத் தமிழில் என்று சேர்த்து எழுதுவது நல்லது.

இனி, சொல்லின் முதலில் வரும் மெய்க்கூட்டங்கள். இங்கே நேரும் தவறு, 'கூட்டத்தைப் பிரிக்க ஓர் உயிர் சேரும்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது. எங்கே சேரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஊர்ப்பேச்சில் 'இஸ்கூல்' ஆகிறது. எழுதும் பலகையைக் குறிக்கும் சொல் 'சிலேட்டு' ஆகிறது. இரண்டும் ஸகரத்தில் தொடங்குபவை. ஒன்றில் இகரம் முன்னே ஒட்டுகிறது, மற்றொன்றில் நடுவே புகுகிறது. 'சிகூல்' என்றோ 'இஸ்லேட்டு' என்றோ பொதுவாகக் கேட்பதில்லை. இந்திப் பேச்சிலும் இதே பிரிவு உண்டு. ஸகரத்தை அடுத்து வெடிப்பொலி வரும்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் வாய் அடைத்துக்கொள்கிறது. அங்கே ஓர் உயிரைச் செருகினால் சொல் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஸகரத்திலிருந்து லகரத்துக்குப் போகும்போதோ உயிர் போன்ற ஒரு நழுவல் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே இகரம் புகுந்தால் காதுக்குப் பெரிதாக உறுத்தாது. டிரைவர், கிளாஸ், பிளேட்டு எல்லாம் இந்த இரண்டாம் வகை. சேரும் உயிர் எப்போதும் இகரம் என்றும் கொள்ள வேண்டாம். பின்னால் ஊகாரம் வந்தால் குரூப்பு, புளூ என்று உகரமும் வரும். சிலர் வாயில் ரயில் நிலையம் 'டேசன்' ஆகும்போது ஸகரம் உதிர்ந்தே போகிறது. இந்தக் கூட்டத்துக்கு அதுவும் ஒரு தீர்வுதான், ஆனால் அரிய தீர்வு. ஒலியை விடுவதைவிட உயிரைச் சேர்ப்பதையே பேசுவோர் பெரிதும் விரும்புகிறார்கள்.

வெவ்வேறு காலத்துச் சொற்களை ஒரே தராசில் வைப்பதும் கூடாது. 'காப்பி' என்பதில் பகரமாக மாறிய அதே ஒலி, 'ஃபேன்' என்பதில் படித்தவர் வாயில் மாறாமல் நிற்கிறது. விதி தவறவில்லை, இடையில் பேசுவோரின் காதும் வாயும் பழகிவிட்டன. ஜப்பானியத்தில் 'ஸ்டிரைக்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல் இருமுறை நுழைந்திருக்கிறது: வேலைநிறுத்தம் என்ற பொருளில் இகரத்தில் முடிகிறது, பேஸ்பால் ஆட்டத்துச் சொல்லாக உகரத்தில் முடிகிறது. ககரத்துக்குப் பின் இகரம் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம்.

கோட்டு, கோடு விதிக்கும் எல்லை உண்டு. மெல்லினத்துக்குப் பின் வல்லினம் இரட்டிப்பது தமிழுக்கு இயல்பன்று. அங்கே அதிர்வற்ற ஒலியைக் காப்பாற்றும் வழி அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் நீர் இறைக்கும் பொறி 'பம்பு' என்று அதிர்வுடனேயே ஒலிக்கிறது, மின்சாரம் பலர் வாயில் 'கரண்டு' ஆகிறது. ஆங்கிலம் நன்கு பழகியவர்கள் 'கரண்ட்டு' என்று இழுத்துப் பிடிப்பதையும் கேட்கலாம். யார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை அறிய எழுத்தில் உள்ள சான்று போதாது. தெரிந்த சொற்களைக் கேட்பதும் போதாது, ஏனெனில் அவை மனப்பாடமாகியிருக்கும். இல்லாத ஆங்கிலச் சொல் இரண்டைப் புனைந்து, ஒன்றை அதிர்வற்ற ககரத்திலும் மற்றொன்றை அதிர்வுள்ள ககரத்திலும் முடித்து, எழுதிக் காட்டாமல் வாயால் மட்டும் சொல்லி, 'அதை எடுத்து வா' என்னும் வாக்கியத்தில் வைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதலாவது 'ஜீக்கு' போலவும் இரண்டாவது 'ஜீகு' போலவும் திரும்பி வந்தால், அந்தப் பேச்சாளரிடம் விதி உயிரோடு இருக்கிறது. இரண்டும் ஒன்றுபோலவே வந்தால், முதலில் சோதிக்க வேண்டியது நீங்கள் சொன்ன விதத்தை. கேட்பவருக்கு அதிர்வு வேறுபாடு எட்டும்படி நாம் ஒலிக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.