கோள முக்கோணத்தின் பரப்பு: அட்சக்கோடு பக்கம் ஆகாது

கோளத்தின் மேல் வரைந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் π-ஐத் தாண்டும். தாண்டிய அளவுதான் கோண மிகை. அதை R²-ஆல் பெருக்கினால் பரப்பு கிடைத்துவிடும்:

E = A + B + C − π, பரப்பு = E·R²

இவ்வளவு எளிய சூத்திரம் என்பதால்தான் அவசரப்பட்டுப் போட்டுவிடுகிறார்கள். போன மாதம் புதிதாகக் கற்கும் ஒருவர் காட்டிய கணக்கில், பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு அப்படியே இருந்தது. பாகை, ரேடியன் குழப்பத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது விடையிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். நான் சொல்ல வருவது தெரியாமலே போய்விடக்கூடிய ஒன்றை.

அட்சக்கோட்டைப் பக்கமாக எடுப்பது

அவருடைய முக்கோணத்துக்கு ஒரு முனை வட துருவம். மற்ற இரண்டும் 60° வட அட்சத்தில், ஒன்றுக்கொன்று 90° தீர்க்க இடைவெளியில் இருந்தன. துருவத்தில் கோணம் π/2. தீர்க்கக்கோடுகள் அட்சக்கோட்டைச் செங்குத்தாக வெட்டுகின்றன, ஆகவே கீழே இரண்டு கோணங்களும் π/2. மிகை π/2, பரப்பு 1.5708 R² என்று முடித்திருந்தார்.

அது முழுக் கோளத்தில் எட்டில் ஒரு பங்கு! துருவத்தைச் சுற்றியுள்ள சின்னத் தொப்பியின் கால்வாசிக்கு அவ்வளவு பரப்பு எப்படி வரும்? 60° இருந்த இடத்தில் 89° போட்டாலும் அந்தக் கணக்கு அதே விடையைத்தான் தரும். கோட்டை நகர்த்தியும் பரப்பு மாறவில்லை என்றால் பக்கங்களைச் சந்தேகியுங்கள்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். எல்லாரும் முதலில் பார்க்கும் உதாரணம், துருவத்தையும் நிலநடுக்கோட்டின் இரண்டு புள்ளிகளையும் கொண்ட, மூன்று செங்கோணமுள்ள முக்கோணம். அங்கே இதே கணக்கு சரியாக வரும். நிலநடுக்கோடு ஓர் அட்சக்கோடு, அதே சமயம் பெருவட்டமும்கூட, அதாவது கோளத்தின் மையத்தையே மையமாகக் கொண்ட வட்டம். மற்ற எந்த அட்சக்கோடும் பெருவட்டம் இல்லை. சூத்திரமோ பெருவட்ட விற்கள் பக்கங்களாக இருந்தால்தான் செல்லும். நானும் அந்த ஓர் உதாரணத்தில் மட்டும் சோதித்துவிட்டு நிரல் எழுதினேன். பிழை தெரிந்தபோது இரண்டு வார வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. இன்னமும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

பெருவட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? சூத்திரத்தின் நிறுவலே பிறைகளை வைத்துத்தான் நடக்கிறது. இரண்டு பெருவட்டங்கள் ஒரு முனையில் A கோணத்தில் வெட்டினால், நேர் எதிர்முனையிலும் வெட்டும். இடையில் உள்ள பிறையின் பரப்பு 2A·R². அட்சக்கோடு எதிர்முனை வழியாகப் போகாது, ஆகவே பிறை உருவாகாது, நிறுவலும் நிற்காது.

சரி, அதே மூன்று முனைகளைப் பெருவட்ட வில்லால் இணைப்போம். துருவத்திலிருந்து இறங்கும் பக்கங்கள் இரண்டும் π/6, இடைக்கோணம் π/2. அடிக்கோணத்துக்கு:

tan A = tan(π/6) / sin(π/6) = 1.1547, A = 0.8571

E = 1.5708 + 2 × 0.8571 − 3.1416 = 0.1434

பரப்பு 0.1434 R². செங்கோணம் என்று எடுத்தது உண்மையில் 49° சொச்சம்தான்.

அட்சக்கோடுதான் எல்லை என்றால் (வரைபட வேலையில் அப்படித்தான் அடிக்கடி வரும்), மிகையிலிருந்து அந்தக் கோட்டின் வளைவைக் கழிக்க வேண்டும். அட்சம் φ, தீர்க்க இடைவெளி Δλ என்றால் கழிக்க வேண்டியது Δλ·sin φ:

1.5708 − 1.5708 × 0.8660 = 0.2104

தொப்பியின் பரப்புச் சூத்திரத்தில் கால்வாசி எடுத்தாலும் இதுவேதான் வரும். பெருவட்ட வில் துருவத்தின் பக்கம் வளைந்து போவதால், அந்த முக்கோணம் இதைவிடச் சிறியதாக இருப்பதும் பொருந்துகிறது. நிலநடுக்கோட்டில் sin φ = 0, கழிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த உதாரணம் ஏமாற்றிவிடுகிறது.

பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர் என்று வைத்தால் தவறான விடை சுமார் 6.38 கோடி சதுர கிலோமீட்டர். அட்சக்கோட்டு எல்லைக்குச் சரியானது சுமார் 85 லட்சம்.

வெளிக்கோணங்களைக் கூட்டுவது

மூன்று கோணங்களும் ஒரே பக்கத்துக்கு உரியவையா என்று பாருங்கள். மூன்றையும் வெளியே, அதாவது A இருக்க வேண்டிய இடத்தில் 2π − A என்று அளந்தால், E-க்குப் பதில் 4π − E வரும்.

சின்ன முக்கோணத்தில் கோணத்தை நம்புவது

பூமியில் 10 கிலோமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தின் பரப்பு சுமார் 43 சதுர கிலோமீட்டர், மிகை சுமார் 0.000001 ரேடியன். ஒரு விகலை, அதாவது பாகையில் 3600-இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.000005 ரேடியன். அதாவது கோணத்தில் ஒரு விகலை பிசகினால் பரப்பு 197 சதுர கிலோமீட்டர் பிசகும். இந்த அளவில் பக்கங்களை அளந்து, சாதாரணத் தள முக்கோணச் சூத்திரத்தையே போடுங்கள்.