தங்கம், வெள்ளி விகித வரைபடம்: நம் ஊர் விலையை வைத்தே போட்டுப் பார்ப்பது

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கணக்கில் ஏறியதும் கும்பகோணம், மன்னார்குடி பக்கம் அடுத்த பேச்சு பவுன் விலைதான். இப்போது "தங்கமா, வெள்ளியா?" என்றும் கேட்கிறார்கள். ஒரு கிராம் தங்கத்தின் காசுக்கு எத்தனை கிராம் வெள்ளி வரும் என்பதுதான் இந்த விகிதம். எது மலிவு என்று தனியாகச் சொல்லாது, எதற்கு எதிராக எது மலிவு என்று சொல்லும்.

டிரேடிங்வியூ என்ற விலை வரைபடத் தளத்தின் தேடல் பெட்டியில், தங்கத்தின் டாலர் விலையை வெள்ளியின் டாலர் விலையால் வகுக்கும் இந்தக் குறியீட்டை அப்படியே தட்டுங்கள்:

```
XAUUSD/XAGUSD
```

நாள் வரைபடமாக மாற்றி, கோடாக வையுங்கள். மெழுகுவர்த்தி வடிவம் இதற்கு வேண்டவே வேண்டாம். தங்கமும் வெள்ளியும் தத்தம் உச்சத்தை ஒரே நேரத்தில் தொடுவதில்லை, அதனால் அதில் தெரியும் உச்சியும் அடியும் நிஜமாக நடந்த விகிதமாக இருக்காது.

அடுத்து நம் கடை விலை. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள். கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருப்பது 22 காரட் விலை, வெள்ளியோ கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. கணக்குக்காக 22 காரட் கிராம் 9,000 ரூபாய், வெள்ளி கிராம் 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேரே வகுத்தால் 81.8 வரும், அது தப்பு. 9,000-ஐ 24-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் 24 காரட் விலை சுமார் 9,818. அதை 110-ஆல் வகுத்தால் 89.3. உலக வரைபடத்தோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். வெள்ளி விலை கிலோவுக்குப் போட்டிருந்தால் முதலில் 1,000-ஆல் வகுத்துவிடுங்கள்.

சரி, எண் வந்தாயிற்று, எப்படிப் படிப்பது? எண் ஏறினால் தங்கத்துக்கு எதிராக வெள்ளி மலிவு, இறங்கினால் வெள்ளிக்கு எதிராகத் தங்கம் மலிவு. 2020 மார்ச்சில் கோடு 120-ஐத் தாண்டியது. அப்போது வெள்ளி அவுன்சுக்கு 12 டாலர் வரை விழுந்திருந்தது, தங்கம் அந்த அளவுக்கு விழவில்லை. ஆகஸ்டில் விகிதம் 70 பக்கம் இறங்கியது, ஆனால் தங்கமும் ஏறித்தான் இருந்தது, வெள்ளி அதைவிட வேகமாக ஏறியது. ஆகவே கோடு இறங்கினால் தங்கம் இறங்குகிறது என்று படிக்காதீர்கள், இரண்டின் விலையையும் கீழே தனித்தனியாக வைத்துப் பாருங்கள். 2011 ஏப்ரலில் 32-க்குப் பக்கத்தில் வந்ததையும் பாருங்கள், திரும்பி வர வேண்டிய "சரியான" எண் என்று ஒன்று கிடையாது. 80 வந்ததும் வெள்ளி வாங்கியவர் 120 வரை பொறுத்திருக்க நேர்ந்திருக்கும்.

பின்சேர்க்கை: பழைய கொலுசைப் போட்டுத் தங்கம் எடுக்கலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கொலுசின் சுத்தம் குறைவு, உருக்குக் கழிவும் எடுப்பார்கள், புது நகைக்குச் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி தனி. இவை எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் போனால், வெள்ளியை வாங்கியபோது 90 இருந்த விகிதம் 76.5-க்குக் கீழே வந்தால்தான் மாற்றியதில் மிச்சம் ஏதாவது நிற்கும். இந்தக் கணக்குக்கு நாணயம் அல்லது கட்டி வெள்ளிதான் தோது.