நேர்காணலுக்கு முந்தைய இரவு எட்டரைக்கே படுக்காதீர்கள்

வங்கி வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணல் வரைக்கும் வந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் மாதிரி நேர்காணல் நடத்துகிறேன். நன்றாகப் பேசுகிற பிள்ளை நிஜ நேர்காணலில் சொதப்பிவிட்டு வந்து உட்காரும்போது, “நேத்து ராத்திரி என்ன பண்ணினே?” என்பதுதான் என் முதல் கேள்வி. பாதிப் பேருடைய பதில் 12 வருடத்துக்கு முன் நான் செய்த அதே கூத்தாக இருக்கிறது. சான்றிதழை மறக்காதீர்கள், அழைப்புக் கடிதத்தை எடுத்து வையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

சீக்கிரம் படுப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருகிற தவறு இதுதான்.

திருநெல்வேலியிலிருந்து முதல் நாளே சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அறை எடுத்துத் தங்கினேன். அதுவரைக்கும் சரி. தினமும் 12 மணிக்குப் படுக்கிற ஆள், அன்றைக்கு மட்டும் நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று இரவு 8.30-க்கே விளக்கை அணைத்தேன். அலாரம் காலை 6-க்கு. 10 மணிக்குக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்: இப்போது தூங்கினாலும் எட்டு மணி நேரம் கிடைக்கும். 11.30-க்குப் பார்த்தேன்: ஆறரை மணி நேரம். 1 மணிக்கு: ஐந்து. கடைசியாகப் பார்த்தபோது 2.40, அதற்குப் பிறகு எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது. காலையில் ரெப்போ விகிதம் என்றால் என்ன என்று கேட்டார்கள், எத்தனையோ முறை படித்த அந்த ஒரு வரி வாயில் வரவே இல்லை.

பயத்தால்தான் தூக்கம் வரவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பயமும் உண்டு, ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. விழித்திருக்க விழித்திருக்கத் தூக்கத்தின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதைச் சமாளித்து நம்மை நிமிர்த்தி வைப்பது உடலின் உள்கடிகாரம். அந்தக் கடிகாரம் நம்மை அதிகமாக விழிக்க வைப்பது, நாம் வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். 1980-களில் இஸ்ரேலைச் சேர்ந்த பெரெட்ஸ் லாவி என்ற ஆய்வாளர், ஆட்களை 7 நிமிடம் தூங்கவிட்டு 13 நிமிடம் எழுப்பி வைத்து, அதையே நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். படுக்கப் போவதற்குச் சற்று முந்தைய அந்த மாலை நேரத்தில்தான் அவர்களால் தூங்கவே முடியவில்லை. 12 மணிக்குப் படுக்கிறவனுக்கு அது ஏறக்குறைய 9-இலிருந்து 11 வரை. நான் சரியாக அந்த நேரத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, தூக்கம் வரவில்லையே என்று பயந்திருக்கிறேன். அப்புறம் அந்தப் பயமே 2.40 வரை இழுத்துக்கொண்டு போயிற்று.

போன மாதம் ஒரு பெண் வந்து இதே கதையைச் சொன்னாள்.

“அண்ணா, ஒன்பதுக்கே படுத்துட்டேன், மூணு மணி வரைக்கும் புரண்டுக்கிட்டே இருந்தேன்.”

“தினமும் எப்பம்மா படுப்பே?”

“பன்னண்டரை.”

“அப்புறம் ஒன்பதுக்கு யாரு உன்னைப் படுக்கச் சொன்னா?”

“அம்மா.”

அம்மாவிடம் நான் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் கணக்கு எளிதானது. 9 மணிக்கு அங்கே இருக்க வேண்டும், 6 மணிக்கு எழ வேண்டும் என்றால், நான்கைந்து நாள் முன்னதாகவே தினமும் 6-க்கு எழுந்துவிடுங்கள். இரவு எப்போது படுத்திருந்தாலும் சரி. எழுந்ததும் மொட்டை மாடியில் வெளிச்சத்தில் ஒரு கால் மணி நேரம் நடங்கள், பகலில் படுக்காதீர்கள். மூன்றாம் நாளே 11 மணிவாக்கில் கண் சொக்க ஆரம்பிக்கும். படுக்கும் நேரத்தை இழுத்துப் பிடிக்க முடியாது. எழும் நேரத்தைப் பிடித்தால் அது பின்னாலேயே வரும்.

அந்த நான்கு நாள் கையில் இல்லையா? வழக்கமான நேரத்துக்கு அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி முன்னால் படுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு போய் இருபது நிமிடம் நன்றாகப் பேசிவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் வருகிற படபடப்பே அந்த நேரத்துக்கு முழிப்பைக் கொடுத்துவிடும். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சுவாரசியமில்லாத எதையாவது படியுங்கள், கண் சொக்கும்போது திரும்பப் போய்ப் படுங்கள். அந்த இருபது நிமிடத்தையும் மணி பார்த்துக் கணக்கிடக் கூடாது. கைப்பேசி அலாரத்தோடு அறையின் மறுமூலையில் கிடக்கட்டும்.

தலைக்குள்ளேயே பட்டியல் போடுவது

இருட்டில் படுத்தபடி நாளைய வேலைகளை ஓட்டிப் பார்ப்பதற்குப் பதில் படுக்கும் முன் ஐந்து நிமிடம் காகிதத்தில் எழுதுங்கள். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்து இதைச் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதினால்தான் பலன். ‘கிளம்பணும்’ என்று எழுதினால் போதாது, ‘7.10 ஆட்டோ, பையின் முன் அறையில் ஒரிஜினல், பின் அறையில் ஜெராக்ஸ்’ என்று எழுத வேண்டும்.

தூக்கத்துக்கு அலர்ஜி மாத்திரை

யாரோ சொன்னார்கள் என்று செட்டிரிசின் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். மந்தம் காலை வரைக்கும் விடாது. படபடப்பு குறைய நண்பன் தருகிற மாத்திரை அதைவிட மோசம். அது ப்ராப்ரனலாலாக இருந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து.

ராத்திரி பஸ்

கிளாம்பாக்கத்தில் இறங்கி, பல் விளக்கி, நகரத்துக்குள் போய்ச் சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முதல் நாளே வாருங்கள்.

காபி

தினமும் ஒன்று என்றால் அன்றைக்கும் ஒன்றுதான். இரண்டாவது காபி நெஞ்சைப் படபடக்க வைக்கும், நீங்கள் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்வீர்கள். முந்தைய நாள் மாலை 5 மணிக் காபியில் பாதி இரவு 10-க்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் மதியத்தோடு நிறுத்துங்கள்.

புது சட்டை

வேண்டாம்.

வாயைத் திறக்காமலே போவது

இது அறையில் தனியாகத் தங்குபவர்களுக்கு. அன்று காலை எழுந்ததிலிருந்து நான் யாரிடமும் பேசவில்லை, ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னதோடு சரி. உள்ளே போய் ‘குட் மார்னிங் சார்’ என்றபோது குரல் தவளை மாதிரி கரகரத்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டே எனக்குப் பாதி தைரியம் போய்விட்டது. இப்போது எல்லோரையும் காலையில் குளித்ததும் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ பதிலைச் சத்தமாக ஒரே ஒருமுறை சொல்லச் சொல்கிறேன். கூடவே வீட்டுக்குப் போன் போட்டு இரண்டு நிமிடம் பேசச் சொல்கிறேன், நேர்காணலைப் பற்றி இல்லாமல். புதிதாக எதையும் படிக்க வேண்டாம், செய்தித்தாள் தலைப்புகளைப் பார்த்தால் போதும்.

காத்திருக்கும் கூடம்

9 மணிக்கு வரச் சொல்வார்கள், உங்கள் முறை 12.40-க்கும் வரலாம். காலையில் சாப்பிட்ட இட்லி அதுவரை நிற்காது. பையில் இரண்டு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் இருக்கட்டும். வெளியே வருகிறவனிடம் “என்ன கேட்டாங்க?” என்று ஓடாதீர்கள். உங்களுக்கு முந்தைய ஆள் உள்ளே போனதும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சை நான்கு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்தாறு தடவை. கடலை மிட்டாயை மட்டும் அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், பல்லில் ஒட்டிக்கொள்ளும்.