ஆறாம் வகுப்பு பிரிட்ஜ் கோர்ஸ்: பிள்ளைக்குத் தெரிந்த சொல்தான் காலை வாரும்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாவது வரை தமிழில் படித்த பிள்ளை, ஜூனில் உயர்நிலைப்பள்ளியின் இங்கிலீஷ் மீடியம் ஆறாம் வகுப்பில் வந்து உட்காருகிறது. அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே ‘மெஷர்மென்ட்ஸ்’. பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தச் சொன்னால் நாம் உடனே செய்வது, ஐம்பது கலைச்சொற்களை இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ் என்று எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது. நானும் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன்.

ஃபோட்டோசிந்தசிஸ் மாதிரிச் சொற்களுக்கு அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அது பிள்ளைக்குப் புதுச் சொல். வேறு அர்த்தம் மனதில் இல்லை, பாடமே அதை விளக்கிவிடும். சிக்கல் வருவது ஏற்கெனவே தெரிந்த சொற்களில்தான். மாஸ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ஹீரோ என்ட்ரி என்பார்கள். வால்யூம் டிவி சத்தம். பவர் தாத்தாவின் கண்ணாடி. சொல்யூஷன் பஞ்சர் கடையில் ட்யூபில் தடவுவது. இவற்றைத் தெரியாத சொல்லாக நினைத்துப் பிள்ளை கை தூக்காது. தெரிந்ததாக நினைத்துத் தலையாட்டும். அதனால் முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும். தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களையே சொல்ல வைத்து, அதைப் போர்டில் எழுதி, பக்கத்திலேயே அறிவியல் அர்த்தத்தைப் பொருளோடு காட்டுங்கள்.

பொருளோடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘மாஸ் என்றால் நிறை’ என்று எழுதிவிட்டால் முடிந்ததா? மளிகைக் கடையில் எல்லாமே எடைதான், நிறை என்ற சொல் பிள்ளையிடம் தமிழிலேயே இல்லை. பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு போட்ட மாதிரி ஆகிவிடும். முதலில் தமிழில், ஒரு கிலோ இரும்புப் படிக்கல்லைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். இதை நிலாவுக்குக் கொண்டுபோனால் சுருள்வில் தராசு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் காட்டும், ஆனால் இரும்பு கொஞ்சமும் குறையவில்லை. குறைந்தது எடை, குறையாதது நிறை. இது பிடிபட்ட பிறகு மாஸ், வெயிட் என்ற பெயர்கள் ஐந்து நிமிஷ வேலை.

அடுத்த தவறு, சொல் தெரிந்தால் வாக்கியமும் புரியும் என்று விட்டுவிடுவது. ‘தி அமவுண்ட் ஆஃப் மேட்டர் இன் அன் ஆப்ஜெக்ட் இஸ் கால்டு மாஸ்.’ ஒவ்வொரு சொல்லும் தெரிந்த பிள்ளைகூட இங்கே முழிக்கும். தமிழில் நாம் ‘அளவு’ என்பதைக் கடைசியில் சொல்வோம், இங்கிலீஷ் அதை முதலிலேயே சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் இழுத்து வருகிறது. பென்சிலால் கோடு போட்டு நான்காக வெட்டச் சொல்லுங்கள்: தி அமவுண்ட் / ஆஃப் மேட்டர் / இன் அன் ஆப்ஜெக்ட் / இஸ் கால்டு மாஸ். இப்போது மூன்றாவது துண்டிலிருந்து பின்னோக்கி வந்தால் ‘ஒரு பொருளில் உள்ள, பருப்பொருளின், அளவு’. கடைசித் துண்டைச் சேர்த்தால் ‘நிறை எனப்படும்’. இப்படி ஏழெட்டு வரையறைகளை வெட்டியபின் பலர் கோடு இல்லாமலே படிக்கிறார்கள். வரிக்கு வரி நாமே தமிழில் சொல்லிக்கொண்டே போனால் இது நடக்காது. தமிழ் வரும்வரை காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தேர்வில் நாம் செய்யும் தவறுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. அளவு ஜாடியில் 50 மில்லி லிட்டர் தண்ணீர், கல்லைப் போட்டதும் 62. கல்லின் பருமன் எப்படிக் கண்டாய் என்று இங்கிலீஷில் கேட்டதற்கு ஒரு பெண் எழுதியது: ‘ஸ்டோன் புட், வாட்டர் அப், 12.’ சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்ந்திருப்பேன். தமிழில் கேட்டபோது, “கல்லு எடுத்துக்கிட்ட இடத்துக்குத்தான் சார் தண்ணி ஏறுது, அம்பதக் கழிச்சா பன்னெண்டு” என்றாள். அறிவியல் முழுசாக இருக்கிறது, விட்டது இங்கிலீஷும் அலகும்தான். அதிலிருந்து முன்தேர்வில் ஒரே கேள்வியை இரண்டு மொழியிலும் வைக்கிறேன். தமிழில் சரி, இங்கிலீஷில் வெறுமை என்றால் வாக்கியப் பயிற்சி. இரண்டிலும் வெறுமை என்றால் ஜாடியையும் கல்லையும் மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே ‘ஸ்லோ லேர்னர்’ வரிசையில் உட்கார வைத்தால் இருவருக்குமே பயனில்லை.

ஜூனோடு கோர்ஸ் முடிந்தது என்று பதிவேட்டை மூடுவதும் உண்டு. இரண்டாம் பருவத்தில் மின்னியல் பாடத்தில் செல் என்றால் மின்கலம். அதே பருவத்தில் உயிரியல் பாடத்தில் செல் என்றால் உயிரணு. வீட்டில் செல் என்றால் அம்மாவின் போன். நான் அந்த இரண்டு பாடத்துக்கும் முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒரு டார்ச் பேட்டரியையும் ஒரு வெங்காயத்தையும் மேசைமேல் வைத்துவிடுகிறேன்.