பலகையில் பன்னிரண்டு எழுத்து, சாட்பாட் சொன்னது பதினாலு: எங்கே தவறுகிறோம்?

கடலூரில் என் மாமா பெயர்ப்பலகை பட்டறை வைத்திருக்கிறார். அக்ரிலிக் எழுத்துக்கு ஒன்றுக்கு 450 ரூபாய். போன மாதம் ‘புதுச்சேரி மீன் உணவகம்’ என்று ஒரு பலகைக்கு ஆர்டர் வந்தது. கை வேலையாக இருந்ததால் மாமா போனில் சாட்பாட்டிடம் எத்தனை எழுத்து என்று கேட்டார். பதினாலு என்றது. 6,300 ரூபாய் என்று பில் எழுதிவிட்டார். வாடிக்கையாளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பன்னிரண்டுதானே வருகிறது என்றார். 900 ரூபாய் கூடுதல். மாமாவுக்கு முகமே சுருங்கிப்போனது. “இவ்வளவு தெரிஞ்ச மெஷினுக்கு எண்ணத் தெரியாதாப்பா?” என்று என்னிடம் கேட்டார்.

எண்ணத் தெரியாதது மட்டுமல்ல காரணம். எண்ண வேண்டிய எழுத்தே அதன் கண்ணில் படவில்லை.

நாம் தட்டும் வாக்கியம், சாட்பாட்டை உள்ளிருந்து இயக்கும் மாடலுக்குள் போவதற்கு முன் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் உண்டு. அந்தத் துண்டுக்குத்தான் டோக்கன் என்று பெயர். ஆஸ்பத்திரியில் டோக்கன் 47 என்று கூப்பிடும்போது, அந்த எண்ணை வைத்து அவருடைய பெயரில் எத்தனை எழுத்து என்று சொல்ல முடியாது இல்லையா? அதே நிலைதான் மாடலுக்கும். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 மாடல் பயன்படுத்திய வெட்டும் முறையில் ‘strawberry’ என்ற சொல் str, aw, berry என்று மூன்று துண்டாகும். அதுவே வாக்கியத்தின் நடுவில், முன்னால் ஒரு இடைவெளியோடு வந்தால், முழுச் சொல்லும் ஒரே டோக்கன். மாடலுக்குக் கிடைப்பது ஒரு எண் மட்டும். அதற்குள் எத்தனை r என்பதை, எப்போதோ படித்த எழுத்துக்கூட்டிய உரைகளின் நினைவிலிருந்துதான் அது சொல்ல வேண்டும்.

(இந்தச் சொல்லை வைத்தே ஒரு சாட்பாட்டைச் சோதிப்பதும் பலர் செய்யும் தவறு. இது இணையம் முழுக்கப் பேசப்பட்ட கேள்வி. விடையை மனப்பாடமாகச் சொல்லிவிடும். உங்கள் தெருப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.)

தமிழில் சிக்கல் இன்னும் ஆழம். ‘புதுச்சேரி’ நமக்கு ஐந்து எழுத்து: பு, து, ச், சே, ரி. கணினிக்கு அது பத்துக் குறி. ‘பு’ என்பது ‘ப’ ஒரு குறி, உகரக் குறி ஒன்று என்றுதான் சேமிக்கப்படுகிறது. புள்ளியும் தனிக் குறி. ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 30 பைட். வெட்டும் முறை இந்த பைட்டுகளைப் பார்த்து, அடிக்கடி சேர்ந்து வருபவற்றை ஒன்றாக்குகிறது. பயிற்சிக்குக் கொடுத்த உரையில் தமிழ் குறைவாக இருந்தால் சேர்க்கை சரியாக அமையாது. அப்போது ‘சே’யின் நடுவிலேயே வெட்டு விழலாம். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ ஜிபிடி-4ஓவை வெளியிட்டபோது, மாதிரிக்கு எடுத்த தமிழ் வாக்கியம் 116 டோக்கனிலிருந்து 35 ஆகக் குறைந்ததாகக் காட்டியது. துண்டு குறைந்ததால் செலவும் குறைகிறது, வேகமும் கூடுகிறது. ஆனால் துண்டு பெரிதானால் எழுத்து இன்னும் உள்ளே மறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

விடை தப்பென்று தெரிந்ததும் மாமா செய்தது, “நல்லா பார்த்துச் சொல்லு” என்று திரும்பக் கேட்டது. பதிமூன்று என்றது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கலாம். கேள்வி மாறாமல் துண்டும் மாறாது. எழுத்தைப் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும்: ‘ஒவ்வொரு எழுத்தையும் தனி வரியில், வரிசை எண்ணோடு எழுது, கடைசி எண்ணைச் சொல்’ என்று. தனித்தனியாக எழுதியதும் ஒவ்வொரு எழுத்தும் தன் சொந்த டோக்கன்களோடு வெளியே வந்து நிற்கிறது. பக்கத்திலேயே எண்ணும் இருக்கிறது. தப்பு நடந்தாலும் எந்த வரியில் என்று நம் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், நிரல் தெரிந்த பிள்ளைகள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. பைத்தானில் எண்ணிவிட்டால் தப்பே வராது என்று நினைப்பது. இதைப் பாருங்கள்:

```python
s = "புதுச்சேரி மீன் உணவகம்"
print(len(s))
print(sum(c.isalpha() for c in s))
```

முதல் விடை 22, இரண்டாவது 12. `len` உயிர்க்குறி, புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. `isalpha` குறிகளை விட்டுவிடுவதால் நம் கணக்கோடு ஒத்துப்போகிறது. ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்றவற்றை மட்டும் அது இரண்டாக எண்ணும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் எழுத்து வெட்டும் அண்ணனைக் கேட்டால் ‘புதுச்சேரி’ மட்டுமே ஏழு துண்டு என்பார். ஏகாரக் கொம்பும் புள்ளியும் அவருக்குத் தனி வேலை. எதை எழுத்து என்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கணக்கிலும் இதே வெட்டுதான் காலை வாருகிறது. பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் 4837 கிலோ பருப்பை, கிலோ 679 ரூபாய்க்குக் கணக்குப் போடுகிறார் என்று வையுங்கள். ஜிபிடி-4 முறையில் எண்கள் இடப்பக்கத்திலிருந்து மூன்று மூன்றாக வெட்டப்படும். 4837 என்பது 483, 7 ஆகிவிடும். சரியான விடை 3284323. அது 328, 432, 3 என்று வெளிவர வேண்டும். நாம் பெருக்கும்போது வலது ஓரத்தில் தொடங்குகிறோம்: ஒன்பதேழு அறுபத்து மூன்று, மூன்றைப் போட்டு கையில் ஆறு. மாடலோ 328ஐ முதலில் சொல்லியாக வேண்டும். கையில் எவ்வளவு வரும் என்பது முடிவாகும் முன்பே பெரிய இலக்கங்களை எழுதுகிறது. அதனால் நேரடியாக விடை கேட்டால் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் சரியாக இருந்து நடுவில் பிசகுவது வழக்கம். 32,64,323 என்று வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. இருபதாயிரம் ரூபாய் காணாமல் போயிருக்கும்.

படி படியாகக் கேட்டால் நிலைமை மாறும். 4837ஐ 600ஆல் பெருக்கினால் 29,02,200. 70ஆல் 3,38,590. 9ஆல் 43,533. கூட்டினால் 32,84,323. ஒவ்வொரு படியும் சின்னது, எழுதிய விடை அடுத்த படிக்கு முன்னால் நிற்கிறது. சாட்பாட் தானே நிரல் ஓட்டி விடை தரும் வசதி இருந்தால் அதையே செய்யச் சொல்லலாம். ஆனால் நிஜமாகவே ஓட்டியதா என்று திரையில் பார்க்க வேண்டும். ‘கணக்கிட்டேன்’ என்று எழுதுவது மட்டும் போதாது.

கையில் தாளும் பேனாவும் இருந்தால் ஒன்பதை வைத்துச் சோதிக்கலாம். 4837இன் இலக்கங்களைக் கூட்டினால் 22, மறுபடி கூட்டினால் 4. 679க்கும் 22, அதாவது 4. நாலும் நாலும் பெருக்கினால் 16, அது 7. விடையின் இலக்கங்களும் 7 ஆக வேண்டும். 3284323க்கு 25, அதாவது 7. பொருந்துகிறது. 3264323க்கு 23, அதாவது 5. பிடிபட்டுவிட்டது. இலக்கம் இடம் மாறி 32,48,323 என்று வந்தால் இந்தச் சோதனையில் சிக்காது, கூட்டுத்தொகை அதேதான். பில்லில் எழுதும் தொகையென்றால் மேஜை மேல் இருக்கும் கால்குலேட்டரில் ஒரு முறை தட்டிவிடுங்கள். மாமா இப்போது அப்படித்தான் செய்கிறார். எழுத்தை விரல் விட்டு எண்ணுகிறார்.