பன்னிரண்டு மணிக்கு முதல் வாழ்த்து: பிழையில்லாமல் அனுப்ப ஒரு செய்முறை

எங்களுக்குப் பாம்பன். டிசம்பர் 31 இரவு கோயிலில் பூசை முடியும்போது வருடம் மாறியிருக்கும். மணி அடித்ததும் வெளியே மணலில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். வாடைக்காற்று முகத்தில் அடிக்கும், விரலில் பிசுபிசுப்பு, கண்ணில் தூக்கம். அந்த நிலையில் தமிழில் தட்டச்சு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் பெரிய மாமாவுக்கு அனுப்பிய வாழ்த்து இது:

"இனிய புத்தண்டு நல்வாழ்த்துகள் மாமா"

ஒரு கால் விட்டுப்போனது, அவ்வளவுதான். காலையில் பதில் வந்தது: "தண்டு பொரியலுக்கா, கூட்டுக்கா?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜனவரி ஒன்றுக்குப் பெயர் தண்டு தினம்.

அதற்கப்புறம் அனுப்பும் முறையையே மாற்றிவிட்டேன். நீங்கள் இதுவரை நடுராத்திரியில் நேரடியாகத் தட்டச்சு செய்து அனுப்புகிறவராக இருந்தால், இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் ஆட்களை எழுதுங்கள், வாழ்த்தை அல்ல

31-ஆம் தேதி சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டில், பன்னிரண்டு மணிக்கே வாழ்த்து போய்ச் சேர வேண்டியவர்கள் யார் என்று எழுதுங்கள். எனக்கு எட்டுப் பேருக்கு மேல் வராது. மற்றவர்களுக்குக் காலையில் அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எட்டு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வாட்ஸ்அப் உரையாடலில் மணியும் நிமிடமும்தான் தெரியும், விநாடி தெரியாது. ஆகவே 12:00-க்குள் உங்களுக்கு அறுபது விநாடி இருக்கிறது. எழுதித் தயாராக வைத்த ஒரு வாழ்த்தைத் திறந்து, அனுப்பி, வெளியே வர எனக்கு ஆறேழு விநாடி ஆகிறது. எட்டுப் பேருக்கு அனுப்பி முடித்தாலும் எல்லாரிடமும் 12:00 என்றுதான் இருக்கும். போனின் கடிகாரம் நெட்வொர்க் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்கிறதா என்பதையும் அமைப்புகளில் இப்போதே பார்த்துவிடுங்கள். கையால் நேரம் வைத்த போன் இரண்டு நிமிடம் முந்தினால், 11:58-க்கே வாழ்த்துச் சொல்லிவிட்டு அசடு வழிய வேண்டியதுதான்.

சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் எழுதுங்கள். நம் கடற்கரையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. அவர்களுக்கு நம் பன்னிரண்டு மணி பன்னிரண்டு அல்ல. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புத்தாண்டு பிறக்கும்போது நமக்கு இரவு 9:30. துபாயில் பிறக்கும்போது நமக்கு 1:30. குவைத், சவூதி, கத்தாரில் 2:30. ஜொகூரில் இருக்கும் மாமாவுக்கு நம் நேரப்படி பன்னிரண்டுக்கு அனுப்பினால், அவர் படுத்துத் தூங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

எழுதும் இடம்: உங்களுடைய சொந்த உரையாடல்

புதிதாகச் செய்கிறவர்கள் நேராக அந்த ஆளின் உரையாடலைத் திறந்து எழுத ஆரம்பிப்பார்கள். அதில் இரண்டு ஆபத்து. நீங்கள் எழுதும்போது அந்தப் பக்கம் typing… என்று தெரியும். அவர் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். இன்னொன்று, கை தவறி அம்புக்குறியில் பட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கே புத்தாண்டு பிறந்துவிடும்.

அதனால் வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே அனுப்பிக்கொள்ளும் உரையாடல் இருக்கிறதே, அதில் எழுதுங்கள். புதிய உரையாடல் தொடங்கும் பட்டியலில் உங்கள் பெயருக்குக் கீழே Message yourself என்று இருக்கும். எழுதி, உங்களுக்கே அனுப்பி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்பப் படியுங்கள். எழுதும் பெட்டியில் கண்ணுக்குத் தப்பிய பிழை, அனுப்பிய செய்தியாகப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும்.

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் விசைப்பலகைதான் பெரும்பாலோரிடம் இருக்கிறது. அதில் புத்தாண்டு வாழ்த்து சறுக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். puthandu என்று அவசரமாக அடித்தால் நெடிலா குறிலா என்று அதற்குத் தெரியாது. தண்டு வந்து நிற்கும். puththaandu என்று முழுசாக அடியுங்கள். அடுத்து 'வாழ்த்து'. l என்று அடித்தால் ல, ள, ழ மூன்றில் எது வரும் என்பது அதன் இஷ்டம். Zh என்று அடித்தால் வம்பில்லை. 'இனிய' என்பது 'இனியா' ஆவதும் உண்டு, அது யாரோ ஒரு பெண்ணின் பெயர் போல ஆகிவிடும்.

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இலக்கணம் பார்க்கிறவர்கள் 'வாழ்த்துகள்' என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரே செய்தியில் இரண்டையும் போடாதீர்கள், அது போதும். சித்திரை ஒன்றைத்தான் புத்தாண்டு என்று சொல்லும் பெரியவர்கள் உங்கள் சீட்டில் இருந்தால், அவர்களுக்கு மட்டும் 'ஆங்கிலப் புத்தாண்டு' என்று எழுதிவிடுங்கள். வருட எண்ணைப் போடாமல் விடுவதே எனக்குப் பிடித்த வழி. பழைய எண்ணைப் போடும் பழக்கம் ஜனவரி பாதி வரை விரலை விட்டுப் போகாது.

ஒருவருக்கு ஒன்று

தங்கச்சி தூத்துக்குடியில் இருக்கிறாள். அவளுக்கு நான் எழுதி வைத்தது:

"தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் இனிய புத்தாண்டு நல்வாழ்த்துகள். பொங்கலுக்கு வந்துடுங்க, கணவாய் எடுத்து வைக்கிறேன்."

இதையே நகல் எடுத்து, முதல் மூன்று சொல்லை மட்டும் மாற்றி மற்றவர்களுக்கும் அனுப்பலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பையனின் வகுப்பு டீச்சருக்கு முன்பாதியை மாற்றினேன், பின்பாதியை மறந்தேன். "சரி சார், குடும்பத்தோட வர்றோம்" என்று பதில் வந்தது. கணவாய் உண்மையிலேயே எடுத்து வைக்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே உறவுமுறையும் சொந்த விஷயமும் இல்லாத ஒரு பொது வரியை முதலில் எழுதுங்கள்: "இனிய புத்தாண்டு நல்வாழ்த்துகள்". அதை நகல் எடுத்து ஒவ்வொரு உரையாடலிலும் ஒட்டி, அதற்கு முன்னும் பின்னும் அந்த ஆளுக்கு உரியதைச் சேருங்கள். சேர்ப்பது ஒன்றிரண்டு சொல்தான் என்பதால் மறப்பதற்கு இடமில்லை.

ஒட்டியதும் அனுப்பாமல் பின்னால் வந்துவிடுங்கள். எழுதியது அங்கேயே தங்கும். உரையாடல் பட்டியலில் அந்தப் பெயருக்குக் கீழே பச்சை எழுத்தில் Draft என்று தெரியும், அந்த உரையாடலும் மேலே ஏறி வரும். எட்டுப் பேருக்கும் செய்தபின் எட்டுப் பெயரும் பட்டியலின் உச்சியில் வரிசையாக நிற்கும். பன்னிரண்டு மணிக்குத் தேட வேண்டியதில்லை.

இதற்கு முன் ஒரு சின்ன வேலை. வாட்ஸ்அப் அமைப்புகளில் Chats என்ற இடத்தில் Enter is send என்று ஒன்று இருக்கும். அது அணைந்திருக்கட்டும். எரிந்துகொண்டிருந்தால், அடுத்த வரிக்குப் போக நினைத்துத் தட்டும்போது பாதி வாழ்த்து பறந்துவிடும்.

தூங்கும் நேரத்து ஆட்களுக்கு

அண்ணன் குவைத்தில். இரவு 2:30-க்கு நான் விழித்திருக்க முடியாது. வாட்ஸ்அப்பில் நேரம் குறித்து அனுப்பும் வசதி என் போனில் இல்லை, டெலிகிராமில் இருக்கிறது. எழுதிவிட்டு அம்புக்குறியை விடாமல் அழுத்திப் பிடித்தால் Schedule Message என்று வரும்; மறுநாள் தேதி, 2:30 என்று நம் நேரத்தைக் கொடுங்கள். அது அவர்களுடைய சர்வரில் இருந்து போவதால் உங்கள் போன் அணைந்திருந்தாலும் கவலையில்லை. தேதியை மட்டும் இரண்டு முறை பாருங்கள். 31 என்று விட்டுவிட்டால் அந்த 2:30 ஏற்கெனவே போய்விட்ட நேரம்.

மணி அடித்த பிறகு

கோயில் வாசலில் ஆயிரம் போன் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும். அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் சின்னக் கடிகாரம் நின்றால், அது உங்கள் போனை விட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம். ஒரு டிக் வந்தால் சர்வருக்குப் போய்விட்டது, இனி உங்கள் பொறுப்பில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பதறி மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். சிக்னல் வந்ததும் அத்தனையும் சேர்ந்து போய் விழும். படமும் வீடியோவும் இந்த நேரத்தில் வேண்டாம், எழுத்து மட்டும் போதும்.

இரண்டு நிமிடம் ஆகியும் கடிகாரம் போகாவிட்டால், உள்ளூர் ஆட்களுக்குச் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதற்கு நெட் வேண்டாம். ஆனால் சுருக்கமாக. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். அதிலும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'இனிய புத்தாண்டு நல்வாழ்த்துகள்' மட்டுமே இடைவெளியோடு 30. பெயரும் கையெழுத்தும் சேர்த்தாலும் ஒன்றுக்குள் அடங்கும். கணவாய்ச் சமாச்சாரத்தையும் சேர்த்தால் இரண்டு மூன்றாகப் பிரிந்து அத்தனைக்கும் காசு போகும்.

இவ்வளவு செய்தும் பிழை கண்ணில் பட்டால், அனுப்பிய 15 நிமிடத்துக்குள் செய்தியை அழுத்திப் பிடித்து Edit கொடுத்துத் திருத்தலாம். பக்கத்தில் Edited என்று நிற்கும், பரவாயில்லை. அழித்துவிட்டு மறுபடி அனுப்பினால்தான் "என்னத்த அழிச்ச?" என்று ஆரம்பிப்பார்கள்.

போன வருடம் எட்டும் 12:00-க்குப் போய்விட்டன. தங்கச்சியின் வாழ்த்தும் அதே 12:00-க்கு, என்னுடையதற்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது. "இனிய புத்தண்டு நல்வாழ்த்துகள் அண்ணே" என்று அனுப்பியிருந்தாள். திருத்தவே இல்லை.